மாப்பிள்ளைக்கு மரியாதையாக ஒரு கடிதம்

நான்தான். அந்த 'போலாம் ரை...ட்' கண்டக்டர் சொன்னதல்ல, நான் சொன்னது. பாவம், அவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார், வண்டி கிளம்பிவிட்டது. கையில் டம்ளரோடு ஓடி வந்தார் பார்த்தீர்களா? நீங்கள் சிரித்தீர்கள், நான் கவனித்தேன். சிரித்தவர் காட்டிக்கொடுக்க மாட்டார்.

நீங்கள் எந்த ஊர்? நாகர்கோவிலா? சங்கரன்கோவில் பக்கம் சொந்தக்காரர்கள் யாரும் இல்லையே? ராமசுப்பு என்று, லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், தெரியாதே? ஓட்டியவர் என்று சொல்ல வேண்டும். இப்போது வண்டி இல்லை. சரி, தெரியாது என்றால் நல்லது. தெரிந்துகொண்டே தெரியாது என்று சொல்கிற ஆட்களும் உண்டு, அதனால்தான் கேட்டேன். கோவில்பட்டி வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. காலை கொஞ்சம் பார்த்து வையுங்கள், சீட்டுக்கு அடியில் இருப்பது செம்புக் கம்பி. எங்கள் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். மாதம் ஒரு தடவை மதுரைக்கு வந்து நான்தான் கம்பி வாங்கிப் போவேன்.

குரலா? எல்லாக் குரலும் வரும். 'தாங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தற்போது வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.' எப்படி? பிளஸ் டூவில் ஹெட்மாஸ்டர் குரலில் மைக்கில் பேசி ஒரு நாள் பள்ளிக்கூடத்தையே அரை மணி நேரம் முன்னால் விட்டிருக்கிறேன். ஆனால் என் கைக்கு அடக்கமான குரல் அப்பா குரல்தான். அவர் மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் நான்தான் எடுப்பேன். 'மதியத்துக்கு மேல வாங்க அண்ணாச்சி, முடிஞ்சிரும்.' வாடிக்கைக்காரர் ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. அப்பாவுக்கே தெரியும், சிரிப்பார். 'நான் செத்தாலும் கடைக்கு போன் எடுக்க ஆள் இருக்கு' என்பார்.

இந்தக் கதை அந்தக் குரலால் வந்ததல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களால் வந்தது.

எங்கள் அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. முப்பிடாதி அத்தை. அத்தையின் வீட்டுக்காரர்தான் ராமசுப்பு மாமா. லோடு ஆட்டோ வாங்க வேண்டும், பைனான்ஸில் போனால் வட்டி தாளாது என்று சொல்லி அப்பாவிடம் வந்தார். அப்பா இரண்டரை லட்சம் எடுத்துக் கொடுத்தார். கடையை இரண்டாக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்த பணம். அம்மா ஒற்றைக்காலில் நின்று புரோநோட் எழுத வைத்தாள். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேலேயே மாமா கையெழுத்துப் போட்டார். ஜூன் பதினெட்டு. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தேன், எல்லாம் நினைவிருக்கிறது. கையெழுத்துப் போடும்போது மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

முதல் வருடம் முப்பதாயிரம் தந்தார். அப்புறம் ஒன்றுமில்லை. தீபாவளிக்கு வருவார்கள், கறிச்சோறு சாப்பிடுவார்கள், அத்தை என் கன்னத்தைக் கிள்ளுவாள், போவார்கள். பணத்தைப் பற்றி மாமாவும் பேச மாட்டார், அப்பாவும் பேச மாட்டார். எப்படிப் பேசுவார்? தங்கச்சியைக் கட்டியவர். எங்கள் பக்கம் மாப்பிள்ளையிடம் வாய்விட்டுப் பணம் கேட்டால், கேட்டவனுக்குத்தான் அசிங்கம். அம்மா மட்டும் அவர்கள் போன பிறகு இலையை எடுத்துக்கொண்டே சொல்வாள்: 'உங்க தங்கச்சி கழுத்துல சங்கிலி புதுசா இருக்கு. பாத்தீகளா?'

அப்பா பார்க்க மாட்டார். நான் பார்ப்பேன்.

போன வருடம் மே மாதம் கடைக்காரர் வந்தார். நாங்கள் வாடகைக்கு இருக்கிற கடையின் சொந்தக்காரர். இடத்தை விற்றாகிவிட்டது, ஜூன் பதினைந்துக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். மார்க்கெட் ரோட்டில் வேறு கடை கிடைத்தது. அட்வான்ஸ் ஒரு லட்சம். கையில் பன்னிரண்டாயிரம் இருந்தது. கடை போனால் எங்களுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

அந்த நேரம் பார்த்து, கிரைண்டர் மோட்டாரை எடுத்துக்கொண்டு தர்மர் சார் வந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்பா பேச்சுவாக்கில் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "நோட்டு என்ன தேதி?"

தேதியைச் சொன்னோம். விரலை விட்டு எண்ணினார்.

"கொம்பையா, இன்னும் இருபத்தேழு நாள்தான்யா இருக்கு. மூணு வருஷம் முடிஞ்சிட்டா அந்த நோட்டை வச்சு கேஸ் போட முடியாது. கோர்ட்டு கையில எடுக்காது."

"கேஸா? என் தங்கச்சி மேலயா? என்ன சார் பேசுறீக?"

"கேஸ் போடுன்னு நான் சொன்னேனா? அவரு முப்பதாயிரம் கொடுத்தாருல்ல, நோட்டுக்குப் பின்னால அவரு கையால வரவு எழுதி கையெழுத்துப் போட்டாரா?"

"இல்லையே. கையில கொடுத்தாரு, வாங்கி டிராயர்ல போட்டேன்."

"சுத்தம். போட்டிருந்தா அன்னையில இருந்து புதுசா மூணு வருஷம் ஓடியிருக்கும். சரி, இப்ப ஒரு லெட்டர் எழுது. மரியாதையா எழுது. நீ கேட்டு எழுதுறது பெருசில்ல, அவரு ஒத்துக்கிட்டுப் பதில் எழுதணும். 'இந்தத் தேதியில வாங்கினேன், இவ்வளவு பாக்கி இருக்கு' அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, பதினெட்டாம் தேதிக்கு முன்னால வந்திருச்சுன்னா போதும். கையெழுத்துப் போட்ட நாள்ல இருந்து திரும்ப மூணு வருஷம். போன்ல சொல்றதெல்லாம் காத்தோட போயிரும்."

எழுதுகிற வேலை எனக்கு. என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். முதலில் பேங்க் மேனேஜர் குரலில் ஒன்று எழுதினேன். 'தங்கள் கணக்கில் நீண்ட நாட்களாக நிலுவையில் உள்ள தொகையினை இக்கடிதம் கண்ட ஏழு தினங்களுக்குள்...' படித்துக் காட்டினேன். அப்பா வாங்கி மோட்டார் கிரீஸ் துடைத்தார். அடுத்து அம்மா குரலில் ஒன்று. 'நாங்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி...' அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. அப்பா அதையும் கிழித்தார்.

"நான் சொல்றேன், நீ எழுது. உன் சேட்டையெல்லாம் உள்ள வரக்கூடாது."

காயிலைச் சுற்றிக்கொண்டே சொன்னார். ஒரு சுற்றுக்கு ஒரு வார்த்தை. சுற்று எண்ணிக்கை தப்பினால் கடிதமும் நின்றுவிடும், முதலிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனது. 'கடன்' என்று எழுதக்கூடாது என்றார். தர்மர் சார் தொகையும் தேதியும் புரோநோட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றார். கடைசியில் இப்படி வந்தது. எனக்கு மனப்பாடம்:

'அன்புள்ள மாப்பிள்ளைக்கு, கொம்பையா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தையும் தங்கச்சி, பிள்ளைகள் நலத்தையும் அறிய ஆவல். வண்டிக்கு வாடகை ஒழுங்காக வருகிறதா? நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டி வாங்கும்போது ஜூன் 18 அன்று புரோநோட் எழுதி நீங்கள் வாங்கிய இரண்டு லட்சத்து ஐம்பதாயிரத்தில், நீங்கள் தந்த முப்பதாயிரம் போக, இரண்டு லட்சத்து இருபதாயிரம் நிற்கிறது. இதற்கு வட்டி என்ற பேச்சே நமக்குள் வேண்டாம். இப்போது கடையை மாற்றும்படி ஆகிவிட்டது. ஜூன் 12க்குள் ஒரு லட்சம் தந்து உதவினால் அட்வான்ஸ் கட்டிவிடுவேன். மீதியை உங்களுக்குத் தோதுப்பட்டபடி மாதாமாதம் தரலாம். அவ்வளவும் இப்போது முடியாது என்றால் எவ்வளவு முடியும், எப்போது முடியும் என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அது எனக்குத் தெம்பாக இருக்கும். தங்கச்சியிடம் இதைச் சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம்.'

நல்ல கடிதம்தான். ஆனால் யாராவது இதைப் படித்துப் பயப்படுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

தர்மர் சார் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு, கையெழுத்துப் போட்டு வாங்கின அட்டை திரும்பி வரும் என்றார். அப்பா கேட்கவே இல்லை. "மாப்பிள்ளைக்கு ரிஜிஸ்தரா? போஸ்ட்மேன் வாசல்ல நின்னு கையெழுத்துக் கேட்டா, வக்கீல் நோட்டீஸ் வந்திருக்குன்னு தெருவே பேசும். என் தங்கச்சி எப்படி வெளிய தலைகாட்டுவா?" ஐந்து ரூபாய் தபால்தலை ஒட்டி, சாதாத் தபாலில் பெட்டியில் போட்டார். போட்டதற்குச் சாட்சி நான் மட்டும். போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சியே இல்லை.

ஒரு வாரம் ஆயிற்று. பதில் இல்லை. பத்து நாள். இல்லை. நான் தினமும் போஸ்ட்மேனை மறித்துக் கேட்டேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மாமா இவரையும் கைக்குள் போட்டிருப்பாரோ என்றுகூட யோசித்தேன். அத்தையின் வாட்ஸாப் ஸ்டேட்டஸைப் பார்த்தால் பெரிய டிவிக்கு முன்னால் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஐம்பத்தைந்து இஞ்சு இருக்கும். அம்மாவிடம் காட்டினேன். அம்மா அன்றைக்கு முழுக்க அப்பாவோடு பேசவில்லை. அது மாமா சாமான் இறக்கப் போன கடையில் எடுத்த படம் என்று பின்னால் சொன்னார்கள். சொல்வதையெல்லாம் எப்படி நம்புவது?

அப்பா மட்டும் அசையவில்லை. "வரும்லே. அவரு யோசிச்சு எழுதுற ஆளு."

யோசிக்கிறாராம்! எனக்கு விளங்கிவிட்டது. பதினெட்டாம் தேதி தாண்டட்டும் என்று காத்திருக்கிறார். யாரோ அவருக்கும் சட்டம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சங்கரன்கோவிலில் கோர்ட் இருக்கிறதே, அங்கேயும் ஒரு தர்மர் சார் இருக்க மாட்டாரா?

ஜூன் நாலாம் தேதி. அப்பா குளிக்கப் போயிருந்தார். போன் மேசைமேல் இருந்தது. எடுத்து அத்தைக்குப் போட்டேன். நம்பர் அவருடையது, குரலும் அவருடையது. அத்தை எடுத்தாள்.

"என்னண்ணே? சாப்பிட்டியா?"

நான் தொண்டையைக் கனைத்தேன். அப்பா கோபம் வந்தால் முதலில் கனைப்பார். வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும், அதனால் அதை எடுப்பதுதான் கஷ்டம். "சாப்பாட்டுக் கத இருக்கட்டும். உன் வீட்டுக்காரருக்கு லெட்டர் போட்டு பன்னெண்டு நாளாச்சு. பத்தாம் தேதிக்குள்ள முழுப் பணமும் வந்தாகணும். இல்லேன்னா கோர்ட்டுல பாத்துக்கிடுதேன். தங்கச்சி கிங்கச்சின்னு எவளும் அதுக்கப்புறம் என் வாசப்படி மிதிக்க வேண்டாம்."

பின்னால் குக்கர் விசில் மட்டும் கேட்டது. மூன்று விசில். அப்புறம் "சரிண்ணே" என்றாள்.

போனை வைத்து, அந்த அழைப்பை அழித்துவிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் சிரிப்பு. அந்த 'கிங்கச்சி' நான் யோசித்தே வைக்கவில்லை, தானாக வந்தது. அப்படியே அப்பாதான்!

மறுநாள் காலையில் மாமாவின் கடிதம் வந்தது.

ஆமாம், மறுநாள். உறையில் மூன்றாம் தேதி சீல். உள்ளே இரண்டாம் தேதி போட்டு எழுதியிருந்தார். அதை விடுங்கள். சீட்டுக் குலுக்கலில் தன் பெயர் விழுந்த பிறகு எழுதலாம் என்று இருந்தாராம், அதனால் தாமதம், மச்சான் மன்னிக்க வேண்டும். 'ஜூன் 18 அன்று நான் புரோநோட் எழுதி வாங்கிய தொகையில் இரண்டு லட்சத்து இருபதாயிரம் தர வேண்டியது உண்மை. வருகிற 11ஆம் தேதி சீட்டுப் பணம் ஒரு லட்சம் கொண்டுவந்து தருகிறேன். மீதியை ஆவணியிலிருந்து மாதம் பத்தாயிரமாகத் தீர்த்துவிடுகிறேன்.' கீழே முழுக் கையெழுத்து. தர்மர் சார் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "இதுக்கு மேல வக்கீல் வச்சாலும் இப்படி எழுதி வாங்க முடியாதுய்யா" என்றார். அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினார். "எங்க மாப்பிள்ளை" என்றார்.

எனக்கு அந்த 'ஆவணி' மேல்தான் சந்தேகம். ஏன் ஆடியில் தர முடியாதா?

பத்தாம் தேதி காலையில் மாமா வந்தார். பஸ்ஸில் வந்தார். ஒரு மஞ்சள் பையை மேசைமேல் வைத்தார்.

"எண்ணிக்கோங்க மச்சான். ரெண்டு இருபது இருக்கு."

அப்பாவுக்குப் புரியவில்லை. "என்ன மாப்பிள்ளை, ஒண்ணுதான எழுதியிருந்தீக? மீதிக்கு என்ன அவசரம்? முதல்ல உக்காருங்க. ஏலே, டீ சொல்லு."

"டீ வேண்டாம். நோட்டை எடுங்க."

புரோநோட்டை அப்பா எடுத்து வந்தார். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று அதிலேயே எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார் மாமா. போட்டதும் வாங்கி மடித்துக்கொண்டார்.

"வண்டி எங்க மாப்பிள்ளை?"

"வித்தாச்சு."

"ஐயோ, எதுக்கு? உங்க லெட்டர்ல அப்படி எழுதலையே?"

"அது உங்க லெட்டருக்கு எழுதுன பதில் மச்சான். இது உங்க போனுக்கு."

"எந்த போனு?"

மாமா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நல்ல நேரம் பாருங்கள், நான் டீ சொல்லப் போய்விட்டேன். திரும்பி வரும்போது அவர் இல்லை. மேசையில் பணமும் மூன்று டீயும் இருந்தன. மூன்றையும் நானே குடித்தேன்.

அட்வான்ஸ் கட்டினோம். புதுக் கடை வந்தாயிற்று. மார்க்கெட் ரோட்டில் போர்டு போட்டிருக்கிறோம், பஸ்ஸிலிருந்தே தெரியும். பணம் முழுசாக வந்ததா இல்லையா? பத்து பைசா பாக்கி இல்லை. கடிதத்தால் வந்ததா, போன் போட்டதால் வந்ததா? அதை மட்டும் நான் வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

அப்பா அடுத்த வாரமே சங்கரன்கோவில் போனார். பழம், பூ, பிள்ளைகளுக்குச் சேவு எல்லாம் வாங்கிக்கொண்டு. அத்தை வாசலிலேயே நின்று பேசினாளாம். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்ததாம். "நீ பேசலேன்னா உன் போன் தானா பேசுச்சா அண்ணே? என் காதால கேட்டேன்." அப்பா திரும்பி வந்து சேவுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "பணத்தைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசில்ல. அதுக்கு ஒரு கத கட்டுறா. என் தங்கச்சி என்கிட்டப் பொய் சொல்றா" என்றார். அம்மா, "இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள். நான் சேவு தின்றேன்.

தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை. அப்பா ஒரு கிலோ கறி கூடுதலாக எடுத்து வந்திருந்தார். அவர் இப்போதெல்லாம் சுற்று எண்ணும்போது தப்புகிறார். நூற்று இருபது போட வேண்டிய இடத்தில் நூற்றுப் பத்தோடு நிறுத்திவிடுகிறார். மோட்டார் புகைந்து திரும்பி வருகிறது. கம்பிச் செலவு யாருக்கு? எங்களுக்கு. அதனால்தான் இந்த மாதம் இரண்டாவது தடவை மதுரைக்கு வந்தேன்.

இதைச் சரி பண்ண ஒரே ஆள்தான் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. போன செவ்வாய்க்கிழமை. அப்பா குளிக்கப் போனார். போனை எடுத்தேன். அவர் குரலில் ஒரு மன்னிப்புப் போட்டால் முடிந்தது, இல்லையா? அவருக்கும் தெரிய வேண்டாம்.

அத்தை எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது.

"தாயி, அண்ணன் ஏதோ கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காத" என்றேன். குரலைக் கொஞ்சம் உடைத்தேன். அருமையாக வந்தது.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "அண்ணே, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். உன் மாப்பிள்ளை அன்னைக்கே சொன்னாரு. 'இது உங்க அண்ணன் இல்லடி, அந்தப் பய வேலை'ன்னாரு. நான்தான் நம்பல, எங்க அண்ணன் குரல் எனக்குத் தெரியாதான்னு சண்ட போட்டேன். இப்ப நீயே சொல்லு. அவன்தான பேசினான்? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு அண்ணே, போதும். அவனை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சின்னப் பய. நாளைக்கே கிளம்பி வாரேன்."

பார்த்தீர்களா? வலை! ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று சொல்கிறவர்கள்தான் எல்லாம் சொல்வார்கள். பக்கத்தில் மாமா காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ரெக்கார்டு போட்டிருந்தாலும் போட்டிருப்பார்கள். ஆமாம் என்றால் அடுத்த பஸ்ஸில் வந்து அப்பா முன்னால் நிறுத்திவிடுவார்கள். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. எனக்கு யோசிக்க நேரமே இல்லை.

"அவன் எதுக்குப் பேசுறான்? நான்தான் பேசினேன்" என்றேன்.

சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல், அப்பா குரலில்.

"சரிங்க, வச்சிடுறேன்" என்று பதில் வந்தது.

அத்தை எங்கள் அப்பாவிடம் 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அது அத்தைதானா, வேறு யாராவது அத்தை மாதிரிப் பேசினார்களா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.